சான்டானாவின் கிட்டாருக்குப் பின்னால் இருக்கும் காங்காவும் டிம்பாலேயும்

கேள்வி: சான்டானா பாட்டுகளில் காங்கா, டிம்பாலே எல்லாம் சும்மா கலர் கொடுக்கத்தானா, இல்லை அந்த கிட்டார் பாணியே அதனால்தான் வந்ததா? எங்கள் பேண்டில் காங்கா சேர்த்தும் அந்த ஃபீல் வரவே இல்லை, ஏன்?

கலர் கொடுக்க மட்டும் என்றால் காங்காவை எடுத்துவிட்டாலும் பாட்டு நிற்க வேண்டும். கிட்டார்காரர் கார்லோஸ் சான்டானாவின் பெயரிலேயே இருந்த சான்டானா ராக் குழுவின் முதல் மூன்று ஆல்பங்களில் அப்படி எடுத்துப் பார்த்தால் பெரும்பாலான பாட்டுகள் சரிந்துவிடும். அறுபதுகளின் ராக் பேண்டுகளில், அதுவும் ஒரே ஒரு கிட்டார் இருக்கும் பேண்டுகளில், கிட்டார்காரர் இரண்டு வேலை பார்ப்பார். ஒன்று கார்டுகளை வெட்டி வெட்டி வாசித்து ரிதமை ஓட்டுவது, இன்னொன்று லீட். சான்டானா குழுவில் முதல் வேலையைக் கையால் கொட்டும் காங்காவும் குச்சியால் வாசிக்கும் டிம்பாலேயும் டிரம்ஸும் எடுத்துக்கொண்டன, கார்டுகளை ஹாமண்ட் ஆர்கன் பார்த்துக்கொண்டது. கிட்டாருக்கு மிஞ்சியது பாடுவது மட்டும்தான். அந்த நீண்ட ஸ்வரங்கள், அவசரமே இல்லாத லீட், ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நாலு நொடி தொங்கவிடும் தைரியம் எல்லாம் அந்த ஏற்பாட்டில்தான் சாத்தியமாகின்றன.

ஆனால் தாளம்தான் அந்த ஆசையையே கொடுத்தது என்றும் சொல்லிவிட முடியாது. கார்லோஸ் சான்டானா மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் பிறந்தவர், அப்பா மரியாச்சி வயலின் வித்வான், சிறுவயதில் கார்லோஸ் கற்றதும் வயலின்தான். அப்புறம் டிஹுவானா, அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ. காதில் பி.பி. கிங், பீட்டர் கிரீன் மாதிரி ப்ளூஸ் கிட்டார்காரர்கள். ஆக இழுத்துப் பாடும் ஆசை ஏற்கெனவே இருந்தது. 1966இல் தொடங்கிய குழுவின் பெயரே சான்டானா ப்ளூஸ் பேண்ட்தான். அப்படியே போயிருந்தால் அந்த ஊரில் அப்போது இருந்த எத்தனையோ ப்ளூஸ் குழுக்களில் அதுவும் ஒன்றாகியிருக்கும்.

சான் பிரான்சிஸ்கோவில் அக்வாட்டிக் பார்க் என்று கடலோரம் ஓர் இடம். அங்கே காங்காவைத் தூக்கிக்கொண்டு வந்து மணிக்கணக்கில் சேர்ந்து கொட்டுகிறவர்கள் உண்டு. மைக்கேல் கரபெல்லோ அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர், முறையாகக் கற்றவர் இல்லை, தெருவில் பழகிய கை. அவருக்கும் குழுவுக்கும் நடுவில் கொஞ்சம் விட்டு விட்டுத்தான் உறவு இருந்தது. மார்கஸ் மலோன் என்ற இன்னொரு காங்கா கலைஞரும் சில காலம் இருந்தார். 1969 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய முயன்று, சரிவராமல் அதைத் தூக்கிப் போட்டார்கள். அதற்குப் பின் சில மாதங்களில் ஆட்கள் மாறினார்கள். டிரம்ஸுக்கு மைக்கேல் ஷ்ரீவ், காங்காவுக்கு மீண்டும் கரபெல்லோ, டிம்பாலேவுக்கு நிகராகுவாவின் லெயோன் நகரத்துக்காரரான ஹொசே 'செப்பிட்டோ' ஆரேயாஸ். என் கணக்கில் அந்தப் பாணி பிறந்தது இந்தச் சேர்க்கையில்தான், அதிலும் செப்பிட்டோ வந்தபோது. குழுவில் லத்தீன் தாளத்தை உள்ளிருந்து அறிந்த ஆள் அவர்தான்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும், பில் கிரஹாம். ஃபில்மோர் அரங்கை நடத்திய ராக் புரமோட்டர் என்றுதான் பலருக்கும் தெரியும், ஆனால் இளமையில் நியூயார்க்கில் மாம்போ என்ற லத்தீன் நடனம் ஆடித் திரிந்த ஆள் அவர். வில்லி போபோ என்ற டிம்பாலே கலைஞர் 1967இல் பதிவு செய்த 'ஈவில் வேஸ்' பாட்டை இவர்களுக்குப் போட்டுக் காட்டி, இதை எடுங்கள் என்று சொன்னவர் அவர்தான். அதுதான் குழுவின் முதல் டாப் டென் பாட்டு.

சரி, இப்போது வாத்தியத்துக்கு வருவோம். நம்மூர் மெல்லிசைக் குழுக்களில் தும்பா என்று சொல்வார்களே, அதுதான் காங்கா. குழுவில் அதற்கு ஓர் அடிப்படைச் சுழற்சி உண்டு, தும்பாவ் என்பார்கள். ஒரு பாரில் நாலு பீட், ஒவ்வொன்றையும் பாதியாக்கினால் எட்டு தட்டு. இடது கை உள்ளங்கை அடியாலும் விரல் நுனியாலும் மாறி மாறித் தோலில் மெல்ல உட்கார்ந்துகொண்டே இருக்கும், இது வெளியே அவ்வளவாகக் கேட்காது, வாசிப்பவர் தனக்காக எண்ணிக்கொள்வது மாதிரி. கேட்பது மூன்றே மூன்று. இரண்டாவது பீட்டில் சுரீரென்று ஒரு ஸ்லாப், நாலாவது பீட்டிலும் அதன் பாதியிலும் இரண்டு ஓப்பன் டோன், அதாவது தோலைத் திறந்து ஒலிக்க விடும் 'டூம் டூம்'. எட்டில் மூன்று கேட்கிறது, மீதி ஐந்தும் பாரை உள்ளுக்குள் நகர்த்திக்கொண்டே இருக்கின்றன.

ராக் டிரம்ஸில் ஸ்னேர் அடி விழுவது இரண்டிலும் நாலிலும் என்று உங்களுக்குத் தெரியும். காங்காவின் ஸ்லாப் இரண்டில் ஸ்னேரோடு சரியாக ஒட்டிக்கொள்கிறது. ஆனால் நாலில் ஸ்னேர் ஒற்றை அடியாக முடித்துவிட, காங்கா இரண்டு அடி கொடுத்து அடுத்த பாருக்குள் தள்ளிவிடுகிறது. ராக் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகவும் படாது, பழைய ராக்காகவும் படாது. இந்த இரண்டு உலகமும் ஒட்டிக்கொண்டது எதனால் என்று கேட்டால், முதலில் இந்த நாலாவது பீட்டைத்தான் காட்டுவேன்.

டிம்பாலே வேறு ஜாதி. உலோக உடம்பு, ஒரு பக்கம் மட்டும் தோல், வழக்கமாக 14, 15 அங்குலத்தில் ஒரு ஜோடி, நடுவில் கௌபெல், பக்கத்தில் ஒரு சிம்பல், வாசிப்பது குச்சியால். காங்காவை வெறும் கையால் அடிக்க வேண்டும், ஸ்டாக் ஸ்டாக்காக ஆம்ப்ளிஃபயர் ஓடும் மேடையில் மைக் இல்லாவிட்டால் அது காணாமல் போய்விடும். டிம்பாலேவுக்கு அந்தக் கவலை இல்லை, விளிம்போடு சேர்த்து ஓர் அடி போட்டால் எந்த கிட்டாரையும் கிழித்துக்கொண்டு வரும். வேலையும் வேறு. பாட்டு ஓடும்போது உலோக உடம்பின் பக்கவாட்டில் காஸ்கரா என்ற சுழற்சியை வாசிக்கும் அல்லது கௌபெல்லில் பீட் பிடிக்கும், புதுப் பகுதி வருவதற்குச் சற்று முன்னால் அபனிக்கோ என்று ஒரு சின்ன உருட்டல் போட்டு, இதோ மாறுகிறது என்று அறிவித்துவிடும். கிட்டார் லீட் தொடங்கும் இடங்களைக் கவனித்துக் கேளுங்கள், பல நேரம் கதவைத் திறந்துவிடுவது டிம்பாலேதான்.

இதையெல்லாம் ஒரே பாட்டில் வைத்துப் பார்க்க 'ஓயே கோமோ வா' போதும். டிட்டோ பியூன்டே அறுபதுகளின் தொடக்கத்தில் எழுதிப் பதிவு செய்த சா-சா-சா என்ற கியூப நடன வகைப் பாட்டு அது. பியூன்டேவே பெரிய டிம்பாலே மேதை. அவர் பதிவில் பித்தளை வாத்தியங்கள், புல்லாங்குழல், கோரஸ் என்று ஒரு முழு நடனக் குழுவே இருக்கிறது, கிட்டாருக்கு அங்கே வேலையே இல்லை. சான்டானா 1970இல் 'அப்ராக்ஸஸ்' ஆல்பத்துக்கு இதை எடுத்தபோது தாளத்தில் பெரிதாகக் கை வைக்கவில்லை. மேலே இருந்ததை மட்டும் காலி செய்தார்கள். அந்தப் பிரபலமான சுழலும் ரிஃப்பை கிரெக் ரோலியின் ஆர்கன் வாங்கிக்கொண்டது. பித்தளையும் புல்லாங்குழலும் இருந்த இடத்தில் கிட்டார் வந்து உட்கார்ந்தது. அதாவது கியூப நடன இசையில் ஊதும் வாத்தியம் பார்த்த வேலை கிட்டாருக்கு வந்தது. ஊதுகிறவர் கார்டு வாசிக்க மாட்டார், மூச்சு விடும் இடத்தில் நிறுத்துவார், பிடித்த ஸ்வரத்தை இழுப்பார். கார்லோஸ் அந்தப் பாட்டில் வாசிப்பதும் அப்படித்தான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு சுமார் 128 பீட் என்று வைத்துக்கொண்டால் ஒரு பார் 1.9 நொடிக்குச் சற்றுக் குறைவு, இரண்டு பார் 4 நொடிக்குச் சற்றுக் குறைவு. அந்த இரண்டு பாருக்குள் காங்காவில் 16 தட்டு, கேட்பவை ஆறு. கௌபெல் பீட்டுக்கு ஒன்றாக எட்டு. குய்ரோ என்ற சுரண்டும் வாத்தியம் ஒரு நீண்ட இழுப்பு, இரண்டு குட்டை இழுப்பு என்று தன் பாட்டுக்குப் போகிறது. இதில் எதுவுமே நீண்டு ஒலிப்பதில்லை, எல்லாம் தட்டிய கையோடு அடங்கிவிடும் ஒலிகள். அதன்மேல் ஒரு கிட்டார் ஸ்வரம் நாலு நொடி நின்றால் அது நிற்பது போலவே தோன்றாது, கீழே ஓடிக்கொண்டிருப்பதால் அதுவும் நகர்வது போல இருக்கும். இதே ஸ்வரத்தை சாதாரண டிரம்ஸ், பேஸ் மட்டும் உள்ள குழுவில் நாலு நொடி பிடித்துப் பாருங்கள், இரண்டாவது நொடியிலேயே பாட்டு நின்றுவிட்ட மாதிரி இருக்கும், பயத்தில் கை தானாக அடுத்த ஸ்வரத்துக்கு ஓடும்.

கார்டுகளும் இதற்கு ஒத்தாசை. பாட்டு முழுக்க ஏறக்குறைய இரண்டே கார்டுதான், ஏ மைனர் செவன்த், டி நைன்த். தாளம் இவ்வளவு பின்னலாக இருந்தால் கார்டு அடிக்கடி மாறத் தேவையில்லை, மாறினால் கேட்பவருக்கு மூச்சு முட்டும். இரண்டு கார்டு சுற்றிக்கொண்டே இருப்பதால் லீடுக்கு ஒரே ஸ்கேல் போதும், ஏ டோரியன். மைனர் பென்டடானிக் வாசித்துப் பழகியவர்கள் இதில் எஃப் ஷார்ப்பைச் சேர்த்தால் போதும், டி கார்டின் மூன்றாவது ஸ்வரம் அது. அங்கே சாதா எஃப் வாசித்தால் உடனே இடறும், இந்தப் பாட்டை வாசிக்கும் நூற்றில் பாதிப் பேர் இடறுவது இதே இடத்தில்தான் என்பது என் அபிப்ராயம்.

ஒலியின் தன்மையையும் சொல்ல வேண்டும். காங்காவின் ஓப்பன் டோன் உட்காருவது கீழ்-நடு அலைவரிசையில், ஆண் குரல் இருக்கும் பகுதியில். டிம்பாலேவும் கௌபெல்லும் மேலே, கூர்மையாக. இரண்டுக்கும் நடுவில் ஓர் அகலமான இடம் காலியாக இருக்கிறது. கிட்டாரின் தடித்த, நடுப்பகுதி தூக்கலான, அளவோடு டிஸ்டார்ஷன் உள்ள ஒலி அங்கே கச்சிதமாகப் பொருந்தும். 1969இல் உட்ஸ்டாக் இசை விழாவில் கார்லோஸ் வைத்திருந்த கிப்சன் எஸ்ஜி கிட்டாரும் அப்படிப்பட்ட ஒலிதான். பின்னாளில் ராண்டல் ஸ்மித் என்ற ஆம்ப் வடிவமைப்பாளர் சின்ன ஆம்ப்களைப் பிரித்துப் போட்டு, அந்த உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாத கெயினும் சஸ்டெயினும் வரவைத்தபோது அதைப் பிடித்துக்கொண்டவர்களில் கார்லோஸ் முக்கியமானவர், மெசா பூகி பிராண்டின் கதை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. மேடையில் எந்த இடத்தில் நின்றால் எந்த ஸ்வரம் ஃபீட்பேக்கில் தானாக நிற்கிறது என்று தேடி, தரையில் குறி போட்டுவைக்கும் பழக்கமும் அவருக்கு உண்டு. கீழே தாளத்தைச் சுமக்க மூன்று பேர் இருக்கும் கிட்டார்காரருக்குத்தான் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் நேரம் கிடைக்கும்!

அதே ஆல்பத்தில் 'சம்பா பா தி' கேளுங்கள், வாத்திய இசை மட்டும். முதல் பாதி மெதுவான பாலாட். பாதிக்கு மேல் தாளம் எழுந்து காங்கா ஓட ஆரம்பித்ததும் கிட்டாரின் நடையும் மாறுகிறது, வாக்கியங்கள் சுருக்கமாகி பீட்டுக்கு நடுநடுவே போய் விழுகின்றன. ஒரே கை, ஒரே கிட்டார், கீழே இருக்கும் தாளம் மட்டும் மாறினால் என்ன ஆகிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. 'பிளாக் மேஜிக் வுமன்' பற்றியும் ஒரு வரி. பீட்டர் கிரீன் 1968இல் தன் ஃப்ளீட்வுட் மேக் குழுவுக்காக எழுதியதிலேயே லேசான லத்தீன் சாயல் உண்டு, ஆனால் அது கடைசியில் ப்ளூஸ் ஷஃபிளுக்குள் போய்விடும். சான்டானா அதை எடுத்தபோது ஷஃபிள் பக்கமே போகாமல், கபோர் சாபோவின் 'ஜிப்சி குவீன்' பாட்டை வாலில் ஒட்டினார்கள். ஷஃபிளின் மூன்றடி ஊஞ்சலும் காங்காவின் நேரான எட்டும் ஒன்றையொன்று மதிக்காது, அதனால் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இப்போது உங்கள் பேண்டுக்கு வருகிறேன். காங்கா சேர்த்தும் ஃபீல் வரவில்லை என்றால், சேர்த்தீர்கள், எதையும் எடுக்கவில்லை என்று அர்த்தம். முதல் சந்தேகம் டிரம்ஸ் மேல். டிரம்ஸ்காரர் ஹைஹாட்டில் எட்டு, அதற்கு மேல் கிக்கில் அலங்காரம், நாலாவது பீட்டில் டாம் டாமில் ஒரு ஃபில் என்று வாசித்தால் காங்காவின் அந்த இரண்டு ஓப்பன் டோன் எங்கே கேட்கும்? ஷ்ரீவ் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், கையில் திறமை கொட்டிக் கிடந்தது, உட்ஸ்டாக்கில் 'சோல் சாக்ரிஃபைஸ்' நடுவே 20 வயதில் அவர் வாசித்த தனி ஆவர்த்தனம் அதற்குச் சாட்சி. ஆனால் பாட்டு ஓடும்போது அவர் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் என்று கவனியுங்கள். நாலாவது பீட்டில் ஃபில் போடாதீர்கள் என்று உங்கள் டிரம்ஸ்காரரிடம் சொல்லி ஒரு ரிகர்சல் ஓட்டுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இரண்டாவது சந்தேகம் பேஸ். ராக் பேஸ்காரர்கள் ஒவ்வொரு பாரின் முதல் பீட்டிலும் ஓங்கி ஓர் அடி அடிப்பார்கள். கியூப இசையில் பேஸ் அடுத்த கார்டை முதல் பீட்டுக்குச் சற்று முன்பே, நாலாவது பீட்டு வாக்கிலேயே பிடித்துவிடும், பல நேரம் முதல் பீட்டில் புதிதாக எதுவும் வாசிக்காது. பேஸ் முதல் பீட்டைக் குத்திக்கொண்டே இருந்தால் காங்கா முன்னால் தள்ளுவதை அது பின்னால் இழுக்கும். சான்டானாவின் டேவிட் பிரவுன் இதில் நடுவழி எடுத்தார், சுத்தமான கியூப பாணியும் இல்லை, ராக் குத்தும் இல்லை, குறைவான ஸ்வரங்களில் ஒரு வட்டம். அதைக் காப்பியடிப்பது உங்களுக்குச் சுலபம்.

மூன்றாவது நீங்கள்தான். லீட் இல்லாத நேரத்தில் என்ன வாசிக்கிறீர்கள்? கார்டை அடித்துக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். அந்தப் பதிவுகளில் கிட்டார் பல இடங்களில் சும்மாவே இருக்கிறது, அல்லது பாட்டின் ஒரு வரி முடியும் இடத்தில் இரண்டு ஸ்வரம் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

கரபெல்லோ மாதிரி ஒருவர் காங்கா கொட்டும் இந்தப் பாணியை அசல் கியூப இசை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அசலில் க்ளாவே என்று இரண்டு பாரில் மூன்றும் இரண்டுமாக ஐந்து அடி விழும் ஒரு முதுகெலும்பு உண்டு, எல்லா வாத்தியமும் அதற்கு அடங்கித்தான் வாசிக்க வேண்டும், பக்கம் மாறி விழுந்தால் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். சான்டானா குழு இதைக் கறாராகப் பார்க்கவில்லை, ஸ்னேரின் இரண்டும் நாலும்தான் அவர்களுக்குக் கடைசிப் பிடிமானம். லத்தீன் இசைக்காரர்களில் சிலருக்கு இது அப்போது பிடிக்கவில்லை. பியூன்டேவே தன் பாட்டை ராக்காக்கியதில் முதலில் எரிச்சல்பட்டதாகவும், ராயல்டி செக் வந்ததும் மனம் மாறியதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னதுண்டு. 1971இல் செப்பிட்டோவுக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு ஒதுங்கியிருந்தபோது கோக் எஸ்கோவெடோ டிம்பாலேவுக்கு வந்தார். அந்த ஆண்டு வெளியான மூன்றாவது ஆல்பத்தில் நீல் ஷோன் இரண்டாவது கிட்டாராகச் சேர்ந்துவிட்டார். நல்ல ஆல்பம்தான், ஆனால் இரண்டு லீட் கிட்டார் வந்ததும் அந்தக் காலி இடம் குறைவதை நீங்களே கேட்கலாம், சில இடங்களில் காங்காவைத் தேட வேண்டியிருக்கிறது.

அடுத்த ரிகர்சலில் இதைச் செய்து பாருங்கள். கிட்டாரையும் பாட்டையும் நிறுத்திவிட்டு காங்கா, டிரம்ஸ், பேஸ், கீபோர்டு மட்டும் 'ஓயே கோமோ வா'வை மூன்று நிமிடம் ஓட்டட்டும், ஃபோனில் பதிவு செய்யுங்கள். அலுக்காமல் கேட்க முடிகிறது, நாலாவது பீட்டின் அந்த இரண்டு அடியும் ஒவ்வொரு பாரிலும் காதில் விழுகிறது என்றால் கிட்டாரைச் செருகலாம். இல்லையென்றால் அங்கேயே நின்று அதை முதலில் சரிசெய்யுங்கள், கிட்டார் வந்த பிறகு அது சரியாகாது.